கைப்பிடி அரிசி

நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மூலப்பத்திரத்தை, வங்கிக் கடன் நிமித்தமாக ஒரு சமயம் நான் வரிவரியாக வாசிக்க நேர்ந்தபோது, இன்று நாற்பத்தெட்டு வீடுகளும் அவற்றுக்குரிய வாகனங்களும் நிற்கிற இடம் 'நஞ்சை' என்று குறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு சிறிது நேரம் அந்தச் சொல்லின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொத்தேரி என்ற பெயரிலேயே ஏரி இருக்கிறது. ஏரி என்று ஒன்று இருந்தால் அதன் மதகுக்குக் கீழே நெல் இருந்திருக்கத்தானே வேண்டும். ஆனால் மின்சார ரயிலில் இறங்கி, பல்கலைக்கழகத்து மாணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலைத் தாண்டி வீடு வந்து சேருகிற ஒருவனுக்கு, தான் படுத்துறங்குவது ஒரு காலத்து வயலின்மேல் என்ற நினைவு வருவதற்கு ஒரு பத்திரம்தான் தேவைப்படுகிறது.

அறுவடைப் பண்டிகையை எல்லாரும் கூடி ஒரு காலை நேரம் கொண்டாடுவது என்று சங்கத்தார் தீர்மானித்து, அழைப்பு எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். எழுத்தாளன் என்று பெயர் வாங்கிவிட்டவனுக்கு இப்படிப்பட்ட தண்டனைகள் வருவது சகஜம். அதற்கு முந்திய ஆண்டின் அழைப்பையும் நான்தான் எழுதியிருந்தேன். 'அனைவரும் வருக, இயன்றதைத் தருக, விருப்பமுள்ளோர் உதவலாம்' என்பது அதன் சாரம். அந்த வாசகத்தின் ஓசையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. விளைவு என்னவென்றால், இயன்றதைத் தருக என்றதும் பதினொரு வீட்டார் ஆளுக்கொரு முந்திரிப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். கரண்டியை ஒருவரும் கொண்டுவரவில்லை. வெல்லம் ஒன்பது கிலோ சேர்ந்தது. பயத்தம்பருப்பை அடுப்பு மூட்டிய பிறகு நாடார் கடையிலிருந்து ஓடிப்போய் வாங்கினோம். உதவலாம் என்று சொல்லப்பட்டவர்களில் உண்மையாக உதவியவர்கள் மூன்று பெண்கள். அவர்கள் காலை ஐந்து மணிக்கு நின்ற இடத்திலேயே பன்னிரண்டு மணிக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். பண்டிகை முடிந்த அன்று மாலை, அந்த மூவரில் மூத்தவரான இரண்டாம் மாடி மாமி என்னைப் படிக்கட்டில் கண்டு, "நல்லா எழுதியிருந்தீங்க சார். அடுத்த வருஷம் நீங்க எழுதாதீங்க, கணக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கு என்ற சொல் என்னை வேறெங்கோ கொண்டுபோயிற்று. செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் ஆற்காட்டு நவாபு கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்த பிறகு, தாமஸ் பர்னார்டு என்ற இஞ்சினியர் 1767 முதல் 1774 வரை இந்தப் பிரதேசத்துக் கிராமங்களை அளந்து, குடிகளையும் நிலங்களையும் ஏரிகளையும் எண்ணிப் பதிவு செய்தார். அந்தக் காலத்துக் கணக்குகளில், களத்தில் குவித்த நெல்லை சர்க்காருக்கும் குடியானவனுக்கும் பிரிப்பதற்கு முன்னதாகவே அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய பங்குகளின் ஜாபிதா வருகிறது: கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, வெட்டியானுக்கு, ஏரி மராமத்துக்கு என்று. இந்தப் பங்குக்கு மேரை என்று பெயர். சுதந்திரம் என்றும் பெயர். இன்று நாம் கொடியேற்றிப் பாடுகிற அந்த வார்த்தை, இந்தச் சீமையின் களத்துமேட்டில் ஒருவன் தன் உரிமையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போன நெல்லைக் குறித்தது. எல்லிஸ் துரை மிராசு உரிமையைப் பற்றி எழுதி 1818-இல் அச்சான நூலிலும் இதே களத்துப் பங்குகளின் பிரஸ்தாபம் உண்டு.

இதைக் கொண்டு பழைய கிராமத்துக்கு ஆலவட்டம் வீசுவது என் நோக்கமன்று. அந்தப் பங்குகள் சமமானவையல்ல. சேற்றில் இறங்கி நட்டவனுக்குக் கிடைத்தது சொற்பம். களத்துக்குள் நிற்கத் தகுந்தவர் யார், வெளியே நிற்க வேண்டியவர் யார் என்பதையும் அதே வழக்கம்தான் வரையறுத்தது. ஆயினும் அந்த ஜாபிதாவில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'இயன்றதைத் தருக' என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. இன்னாருக்கு இத்தனை மரக்கால் என்று எழுதியிருந்தது. பெறுவதற்கு அப்படியென்றால், தருவதற்கும் அப்படியே எழுதினால் என்ன என்று நினைத்துக்கொண்டு, கவிதையை விட்டுவிட்டு மாமி சொன்ன கணக்கைப் போட உட்கார்ந்தேன்.

முதலில் நாள். தை முதல் தேதி ஜனவரி 14-இலோ 15-இலோ வரும். ஆனால் அன்றைக்கு எங்கள் அடுக்ககத்தில் பாதி வீடு பூட்டியிருக்கும். தென்மாவட்டத்துக்காரர்கள் போகிக்கு முந்தின நாளே கிளாம்பாக்கத்தில் மூட்டை முடிச்சுகளோடு நிற்பார்கள். சரி, பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். முதல் மாடித் தாத்தா அதற்கு ஒப்பவில்லை. "மார்கழியில பானை வச்சா அது பொங்கல் இல்லப்பா, சிற்றுண்டி" என்றார். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறோ, ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் பரனூர்ச் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கிற நாள். ஆகவே தை மாதத்து இரண்டாவது ஞாயிறு என்று முடிவாயிற்று. அதனால் ஒரு நஷ்டம் உண்டு: சாலையோரத்துக் கரும்பும் மஞ்சள் கொத்தும் அதற்குள் மறைந்துவிடும், முன்னதாக வாங்கி நிழலில் சார்த்தி வைத்த கரும்பின் வெட்டுவாய் புளித்து, அங்கே ஒரு சாணாவது நறுக்கி எறிய வேண்டியிருக்கும். தாத்தா அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார்.

அடுத்தது அளவு. வருகிறவர்கள் 140 பேர் என்று வைத்துக்கொண்டோம். சர்க்கரைப் பொங்கலில் ஒரு கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ பயத்தம்பருப்பு, ஒன்றே முக்கால் கிலோ வெல்லம், மூன்றில் ஒரு பங்கு கிலோ நெய். பாலும் தண்ணீரும் சேர்ந்து ஐந்து லிட்டர். இது ஏழு கிலோவுக்குக் குறையாமல் வரும். தொன்னையில் ஒரு கரண்டியாகப் பரிமாறினால் நாற்பத்தைந்து பேருக்கு மேலேயே காணும். எனவே மூன்று கிலோ, மூன்று மண்பானை. வெண்பொங்கல் வயிற்றுக்கானது, ஒரு கிலோ அரிசி இருபத்தைந்து பேருக்குத்தான் வரும், ஆகவே ஆறு கிலோ, அதை விறகடுப்பில் வைத்துத் தவிப்பானேன் என்று எரிவாயு அடுப்பில் அண்டாவில் வைப்பது என்று ஏற்பாடு.

ஆக ஒன்பது கிலோ பச்சரிசி. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பழைய ஆசாமி மறுபடி தலைதூக்கினான். முப்பத்தாறு வீட்டார் ஆளுக்குக் கால் கிலோ கொண்டுவந்தால் சரியாக ஒன்பது கிலோ ஆகிறதே, களத்துமேடு போலவே எல்லா வீட்டு நெல்லும் ஒன்றாகக் குவியுமே என்று உற்சாகத்தோடு மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி என்னைப் பார்த்த பார்வை, சிறுபிள்ளை அடுப்பில் கைவைக்கப் போவதைப் பார்க்கிற பார்வை.

"சார், ஒரு வீட்டுல பொன்னி இருக்கும், ஒரு வீட்டுல சோனா மசூரி, ஒருத்தர் புது அரிசி, ஒருத்தர் ரெண்டு வருஷத்துப் பழசு. புதுசு சீக்கிரம் குழைஞ்சிடும், தண்ணி குறைச்சலா குடிக்கும். பழசு அப்படியே நிக்கும். ஒரே அண்டாவுல போட்டா பாதி கூழ், பாதி அரிசி."

நான் மறந்துபோன விஷயம் அதுதான். களத்து நெல் ஒரே நிலத்தில், ஒரே மதகுத் தண்ணீரில், ஒரே நாளில் அறுத்த நெல்; அதைக் குவிப்பதில் சங்கடம் ஏதுமில்லை. அடுக்ககத்து அரிசியோ நாற்பத்தெட்டுக் கடைகளிலிருந்து வந்து நாற்பத்தெட்டு டப்பாக்களில் நாற்பத்தெட்டு விதமாய் முதிர்ந்துகொண்டிருப்பது. எதைப் பல கைகளிலிருந்து வாங்கி ஒன்றாக்கலாம், எதை ஆக்கக் கூடாது என்பதே இந்தக் காரியத்தின் மர்மம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். வெல்லம் எத்தனை வீட்டிலிருந்து வந்தாலும் பாதகமில்லை; எப்படியும் அதைத் தண்ணீரில் கரைத்து, மண்ணும் சக்கையும் போக வடிகட்டித்தான் ஆகவேண்டும். பருப்பு சேரலாம், சேர்த்தபின் ஒன்றாக வறுத்துக்கொண்டால் போதும். முந்திரி, திராட்சை, ஏலக்காய், மிளகு, சீரகம், தேங்காய் இவையெல்லாம் பல வீட்டுச் சரக்காகவே இருக்கலாம். அரிசி, நெய், பால் மூன்றும் ஒரே இடத்தில் வாங்க வேண்டியவை: அரிசி வேகும் பக்குவத்துக்காக, நெய் வாசனைக்காக, பால் திரிந்துவிடும் என்ற பயத்துக்காக.

இப்படியாக அழைப்பு தானே உருப்பெற்றது. வீட்டுக்கு 150 ரூபாய், அரிசிக்கும் நெய்க்கும் பாலுக்கும் விறகுக்கும் பானைக்கும். பிறகு ஒரு பொருள், அளவோடு. ஏ பிரிவு முதல் மாடி வீடுகள் வெல்லம், வீட்டுக்கு அரை கிலோ. வெளுத்த மஞ்சள் வேண்டாம், கருத்த வெல்லமாக இருக்கட்டும். இரண்டாம் மாடி பருப்பு, தரைத்தளம் தேங்காய் இரண்டிரண்டு, இப்படி. கரண்டி, அண்டா, அரிவாள்மணை, தாம்பாளம் என்று பாத்திரங்களுக்குத் தனி வரிசை, உரியவர் பெயரோடு. பணம் கொடுக்க இயலாதவர் பொருள் மட்டும், பொருள் இயலாதவர் வேளை மட்டும் தரலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். யார் எதைத் தரவில்லை என்பதைப் பொதுப் பலகையில் எழுதுவதில்லை என்றும் சங்கத்தில் பேசி வைத்துக்கொண்டோம்.

வேளைப் பட்டியல்தான் மனித சுபாவத்தை நன்றாகக் காட்டியது. காலை ஐந்து முதல் பன்னிரண்டரை வரையிலான நேரத்தை ஒரு மணியும் முக்கால் மணியுமான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேர் என்று எழுதி, மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, ஒரு பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். கோலத்துக்கு ஆறு பேர் என்று எழுதியிருந்த இடத்தில் அன்று இரவே பதினான்கு பெயர்கள். விளையாட்டு நடத்த நான்கு பேர் கேட்டால் ஒன்பது வாலிபர்கள். விடியற்காலம் ஐந்து மணிக்கு மணல் பரப்ப இரண்டு பேர் கேட்டதற்கு மூன்று நாள் யாருமில்லை. பதினொன்றரை மணிக்கு அண்டாவும் பானையும் தேய்க்க நான்கு பேர் என்ற இடம், பேனாவின் நூல் அறுந்து போகிற வரையில் வெறுமையாகவே கிடந்தது. வெல்லம் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது என்ன வேலை என்பதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியில் காரியதரிசியின் பெயரையும் பொருளாளரின் பெயரையும் அந்த இடத்தில் நானே எழுதி, மூன்றாவதாக என் பெயரையும் போட்டேன். மறுநாள் நான்காவது பெயர் ஒன்று விழுந்தது. சி பிரிவில் மூவராகத் தங்கியிருக்கும் தெலுங்கு மாணவர்களில் ஒருவர். எங்கள் ஊரில் இதைப் பெரிய பண்டிகை என்போம், விடுதியில் பாத்திரம் தேய்த்துப் பழக்கம் என்றார்.

அன்றைய காலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நெருப்பிலிருந்து தொடங்குகிறது. எங்கள் முற்றத்தில் பதித்திருப்பது சிமெண்டுக் கற்கள். அவற்றின்மேல் நேராகத் தீ மூட்டினால் கல் சூடேறிப் பட்டென்று வெடித்துச் சில்லாகத் தெறிக்கும். ஆகவே நாலு விரற்கடைக்கு மணல் பரப்பி, அதன்மேல் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு கூட்டினோம். வாகனங்கள் நிற்கிற கூரைக்கு அடியில் வேண்டாம், திறந்த வெளியில்தான் என்பதில் தாத்தா கண்டிப்பாக இருந்தார். விறகு, மாமல்லபுரத்துக் கடற்கரைப் பக்கம் தோப்புத் தோப்பாக வளர்கிற சவுக்கு. காய்ந்த சவுக்கு நின்று எரியும், புகை குறைவு. புதுப் பானைகளை முதல்நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்திருந்தோம். ஊறாத பானை தீயைக் கண்டதும் விரிசல் விடும். ஊறிய பானையையும் எடுத்த எடுப்பில் கொழுந்துத் தீயில் வைக்காமல், முதலில் சிறு தீயில் காய விட வேண்டும்.

பாலும் தண்ணீரும் கழுத்தளவு ஊற்றி, நுரைத்து வழிந்து, குழந்தைகள் கூச்சலிட்டு ஓய்ந்த பிறகு, மாமி ஒரு காரியம் செய்தார். பொங்கிய நீரில் ஏழெட்டுக் கரண்டியை மொண்டு ஒரு சொம்பில் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். அரிசிக்கும் பருப்புக்கும் இடம் வேண்டும். பின்னால் தண்ணீர் போதாமற்போனால் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, இந்தக் கொதிநீர்தான் கைகொடுக்கும்.

மூன்று பானைகளில் இரண்டுக்குக் கடையில் வாங்கிய ஒரே அரிசி. மூன்றாவது பானையை என் பிடிவாதத்துக்கு இரங்கி மாமி விட்டுக்கொடுத்திருந்தார். வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி என்று அழைப்பில் எழுதியிருந்தேன். முப்பத்தொரு வீட்டார் கொண்டுவந்து போட்டார்கள், ஏறக்குறைய ஒரு கிலோ சேர்ந்தது. அந்தப் பானைக்குக் காவலாக வேளைப் பட்டியல்படி நின்றவர் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிற இளைஞர். அவர் கரண்டியால் மேலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார், அது மாவாகக் குழைந்தது, வெல்லப்பாகை ஊற்றிவிட்டார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வது ஒரே அரிசி வெந்த பானைக்குத்தான் பொருந்தும். முப்பத்தொரு வீட்டு அரிசி கிடக்கிற பானையில் அடியிலிருந்து அள்ளி, பத்துப் பருக்கையை நசுக்கிப் பார்த்திருக்க வேண்டும். வெல்லம் சேர்ந்த பிறகு அரிசி மேற்கொண்டு வேகாது. வெந்தவரைக்கும்தான் வேக்காடு, வேகாதது விறைத்துக்கொள்ளும். மாமி ஓடிவந்து, சொம்பிலிருந்த கொதிநீரை ஊற்றி, விறகை வெளியே இழுத்துத் தணலாக்கி, மூடி அரை மணி நேரம் வைத்தார். ஒருவாறு சமாளித்தது. ஆனால் வாயில் போட்டால் குழைவுக்கு நடுவே அங்கங்கே ஒரு பருக்கை பல்லில் தட்டுப்பட்டது.

விளையாட்டுகளை அடுப்பின் நேரத்தோடு பொருத்தி வைத்ததை மட்டும் என் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொள்வேன். பானை பொங்கி முடிந்ததிலிருந்து இலை போடுகிற வரையிலான ஒன்றேகால் மணி நேரம், குழந்தைகள் தீயைச் சுற்றி ஓடுகிற அபாயமான நேரம். உறியடியையும் சாக்கு ஓட்டத்தையும் அந்த நேரத்தில், முற்றத்தின் மறுகோடியில் வைத்தோம். உறியடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியை வீசுகிறவரைச் சுற்றிப் பத்தடிக்குக் கயிறு கட்டி, அதற்குள் யாரும் வராமல் இரண்டு பேர் நின்றார்கள். கயிறு இழுப்பது சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம் என்று மருத்துவம் படிக்கிற ஒரு பெண் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம்.

பரிமாறுகிற சமயம் பெண்டுகளும் பிள்ளைகளும் கேட்ட முதல் கேள்வி, "எங்க வீட்டு அரிசி எந்தப் பானையில?" என்பதுதான். கடைசியில் முதலில் காலியானது அந்தப் பல்லில் தட்டுப்படுகிற பானைதான். மாமிக்கு அதில் லேசான மனத்தாங்கல்.

பழைய ஜாபிதாவை வாசித்தவன் என்ற முறையில் ஒரு விஷயத்தை நான் முன்னதாகவே வற்புறுத்தியிருந்தேன். காவற்காரர்கள் இருவர், பெருக்கித் துடைக்கிற பெண்கள் நால்வர், மோட்டார் போடுகிறவர், இவர்களுக்கு மிச்சம் இருந்தால் கொடுப்பது என்ற வழக்கத்தை விட்டு, பந்தி தொடங்குமுன் ஏழு தூக்குகளில் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும் என்றும், வேளைப் பட்டியலில் அவர்களில் ஒருவரின் பெயரும் இருக்கக் கூடாது என்றும். ஒருவர், "அவங்கதான் வருஷம் முழுக்கச் செய்யறாங்களே சார், அன்னைக்கு ஒரு நாள் கூடமாட இருந்தா என்ன?" என்று கேட்டார். வருஷம் முழுக்கச் செய்வதனால்தான் என்று தாத்தா எனக்கு முன்பாகவே பதில் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் காரியதரிசியும் பொருளாளரும் நானும் தெலுங்கு மாணவருமாகக் குழாயடியில் உட்கார்ந்து, தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தூக்கை வாங்கிக்கொண்டு போன காவற்காரர்களில் இளையவர், ஒடிசாக்காரர், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து எங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டார். நாரை எடுக்கப் போனவரை நான் தடுத்தேன். அரைகுறைத் தமிழில், தங்கள் ஊரிலும் இதே சமயத்தில் இது உண்டென்றும், அதற்கு மகர சௌளா என்று பெயரென்றும், புது அரிசியை ஊறவைத்து இடித்து, தேங்காய்த் துருவலும் வாழைப்பழமும் வெல்லமும் பாலும் சேர்த்துப் பிசைவது என்றும், வேக வைப்பதே கிடையாது என்றும் சொன்னார்.

"வேக வைக்கலன்னா எல்லா வீட்டு அரிசியும் போடலாமே" என்றார் பொருளாளர், அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

"போடலாம் சார்" என்றார் அவர். "அடுத்த வருஷம் எனக்கு ஒரு டைம் எழுதுங்க. காலையில, ஒரு மணி நேரம்."

கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த கணக்குக் குறிப்பின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்: மகர சௌளா. அடுப்பு வேண்டாம். தேங்காய் 4, வாழைப்பழம் 2 சீப்பு. கைப்பிடி அரிசி முழுதும் இதற்கே.